கேம் ஓடுது, ஒயர் ஏன் சுடுது? கன்சோல் பவர் கேபிள் மாற்றுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

சேலத்தில் வயரிங் வேலை பார்க்கும் யாரிடம் கேட்டாலும் இந்த மூன்று வசனங்களையும் கேட்டிருப்பதாகச் சொல்வார்கள். "ஓட்டையில பொருந்துற ஒயர் எதுவா இருந்தாலும் போதும்ணா." "கடிச்ச இடத்துல டேப் சுத்திட்டேன், நல்லாத்தான் ஓடுது." "ரெண்டு பின்னுதான் இருக்கு, எர்த் இல்ல, இது டூப்ளிகேட்டா?" பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ இருக்கும் வீடுகளில் இவை அதிகம். நாற்பது ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய பெட்டிக்கு எலி கடித்த ஒயரையே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

மூன்று பேச்சுக்கும் அடியில் ஒரே தவறான கணக்குதான் இருக்கிறது. கேம் ஓடினால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். ஒயர் உள்ளே கருகிக்கொண்டிருக்கும்போதும் கேம் தடங்கல் இல்லாமல் ஓடும். அது எப்படி என்று தெரிந்துகொண்டால் எந்த ஒயர் வாங்குவது, எந்த பிளக் வேண்டும் என்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

## ஒயருக்குள் நடப்பது

கன்சோல் பவர் கேபிளுக்குள் இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியைப் பேஸ் என்கிறோம், அது திரும்பிப் போகும் கம்பி நியூட்ரல். ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பி அல்ல. மயிரிழை போன்ற செப்பு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது. 0.75 சதுர மில்லிமீட்டர் என்று விற்கும் ஒயரை உரித்துப் பார்த்தால் வழக்கமாக 24 இழைகள் இருக்கும்.

ஏற்காடு மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பாதி ரோடு போய்விட்டால் அடிவாரத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மேலே ஊருக்குள்ளும் வண்டிகள் வழக்கம்போல வந்து சேரும். அந்த வளைவில் மட்டும்தான் நெருக்கடி. ஒயரிலும் அப்படித்தான். எலி கடித்தோ, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மடங்கி மடங்கியோ 24 இழைகளில் பாதி அறுந்தாலும் மீதிப் பாதி சுமையைத் தாங்கிக்கொள்ளும். உண்மையில் அந்தக் கட்டத்தில் சூடுகூடப் பெரிதாக இருக்காது. கடைசி இழைகளும் அறுந்து, அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அந்த இடத்தில் செம்பு கறுத்து, மின்சாரம் போவதற்குத் தடை ஏறிவிடும்.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம். பிஎஸ்5 ஒரு பெரிய கேம் ஓடும்போது ஏறத்தாழ 200 வாட் இழுக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 200-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 0.9 ஆம்பியர். ஆம்பியர் என்பது கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவு. அறுந்த இடத்தில் 5 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கி, அதை 5-ஆல் பெருக்கினால், அங்கே மட்டும் நான்கு வாட் வெப்பம் பிறக்கும். நான்கு வாட்டெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றும். ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் ஆறில் ஒரு பங்கு, அரிசி மணி அளவு இடத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டு, மணிக்கணக்காக. உறை முதலில் இளகும், பிறகு கருகும்.

அதே இடத்தில் கன்சோலுக்கு ஏற்படும் இழப்பு நாலரை வோல்ட்தான். 230-க்குப் பதில் 225 வருகிறது, அவ்வளவுதான். 100 முதல் 240 வோல்ட் வரை எதில் வேண்டுமானாலும் ஓடும்படி செய்த பெட்டி அது, இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதனால்தான் கேம் ஓடுவதை வைத்து ஒயரை எடைபோட முடியாது.

"எம்சிபி விழுந்துடுமே?" என்பார்கள். விழாது. எம்சிபி என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச். இங்கே ஓடுவது அதே 0.9 ஆம்பியர், கூடவே இல்லை. ஆர்சிசிபி வைத்திருந்தாலும் இந்தச் சூட்டுக்கு அது அசையாது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது, இங்கே இரண்டும் சமம். கடிபட்ட இடத்தில் யாராவது கை வைத்து, மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கினால்தான் அதற்கு வேலை.

இதுவரை பார்த்தது: சேதமான ஒயர் ஓர் இடத்தில் மட்டும் சுடும். கன்சோலுக்கும் தெரியாது, எம்சிபிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது நாம்தான். ஒயர் பிளக்கோடு சேரும் கழுத்துப் பகுதியில் மடிப்பு, ஓரிடத்தில் மட்டும் விறைப்பு, பழுப்பு நிறம், பிளக் பின்னில் கருப்பு, கருகல் வாடை, ஒயரை நகர்த்தினால் கன்சோல் அணைந்து எரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஒயரின் காலம் முடிந்தது. சோதிப்பதற்காக மின்சாரத்தோடு அதை ஆட்டிப் பார்க்காதீர்கள்.

டேப் சுற்றுவது வெளியே செம்பு தெரியாமல் மறைக்கும். உள்ளே அறுந்த இழையை ஒட்டவைக்காது. வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதும் அதே கதைதான், நாமே ஒரு மண்சரிவை உண்டாக்குகிறோம்.

## கன்சோல் பக்க முனை

பவர் கேபிளுக்கு இரண்டு முனைகள். கன்சோலில் செருகும் முனையை முதலில் பார்ப்போம். உலகம் முழுக்க இதற்கு ஒரே அளவுமுறை இருப்பதால் இங்கே குழப்பம் குறைவு.

பிஎஸ்5, சாதாரண பிஎஸ்4, பிஎஸ்4 ஸ்லிம், எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தது போன்ற முனை. அளவுமுறைப் பெயர் சி7. கடையில் "டேப் ரெக்கார்டர் கார்டு", "ரேடியோ கார்டு" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், பழைய டேப் ரெக்கார்டர்களிலும் இதே முனைதான். இது 2.5 ஆம்பியர் தாங்கும். பிஎஸ்5-இன் முதல் மாடல் அதிகபட்சம் 350 வாட் என்று குறிப்பிடப்படுகிறது, அதுவே ஒன்றரை ஆம்பியர்தான். ஆக, நல்ல சி7 ஒயர் தாராளமாகப் போதும்.

விதிவிலக்கும் உண்டு. பிஎஸ்4 ப்ரோவின் முதல் மாடல்களிலும் பழைய தடித்த பிஎஸ்3-யிலும் கம்ப்யூட்டர் சிபியுவில் செருகும் மூன்று பின் முனை இருக்கும். அதன் பெயர் சி13, பத்து ஆம்பியர் வகை. லேப்டாப் அடாப்டரில் வரும் மூன்று இதழ் முனை சி5, அது இந்தக் கன்சோல்கள் எதிலும் பொருந்தாது. நின்டென்டோ ஸ்விட்ச் வேறு ஜாதி. அதன் ஒயர் அடாப்டரோடு சேர்ந்தே வார்த்தது, ஒயர் போனால் அடாப்டரையே மாற்ற வேண்டியதுதான்.

எட்டு வடிவ முனையில் ஒரு பக்கம் வட்டமாகவும் மறுபக்கம் சதுரமாகவும் இருக்கும் ஒரு வகையும் விற்கிறது. நம் கன்சோலுக்கு இரு பக்கமும் வட்டமானதுதான் வேண்டும்.

இப்போது அந்த எர்த் கேள்விக்கு வருவோம். எர்த் என்பது ஏதாவது கோளாறில் பெட்டியின் உலோக உடம்புக்கு மின்சாரம் வந்துவிட்டால் அதை மண்ணுக்கு இறக்கிவிடும் மூன்றாவது கம்பி. கிரைண்டர், ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸுக்கு அது கட்டாயம். இந்தக் கன்சோல்களுக்குள்ளே மின்சாரம் பாயும் பாகங்களைச் சுற்றி இரண்டு அடுக்குத் தடுப்பு வைத்துச் செய்கிறார்கள். இதற்கு இரட்டைக் காப்பு என்று பெயர். கன்சோலின் அடியிலோ பின்னாலோ உள்ள லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அதுதான் அடையாளம். எர்த் இல்லாமலே பாதுகாப்பாக ஓடும்படி வடிவமைத்தது அது. இரண்டு பின் என்பதால் டூப்ளிகேட் ஆகிவிடாது.

சுருக்கமாக, பெரும்பாலான கன்சோல்களுக்கு எட்டு வடிவ சி7, சில பழையவற்றுக்கு சி13. பெட்டியின் பின்பக்கத் துளையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

## சுவர்ப் பக்க முனை

தலைவலி இங்கேதான். சுவரில் செருகும் பிளக் நாட்டுக்கு நாடு மாறும். சேலத்தில் இருக்கும் கன்சோல்களில் கணிசமானவை துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்தவை என்பதால் எல்லா வகையும் இங்கே பார்க்கக் கிடைக்கும்.

நம்முடையது டைப் டி. மூன்று உருண்டைப் பின், முக்கோணமாக. கீழே இருக்கும் இரண்டும் சுமார் 5 மில்லிமீட்டர் கனம், மேலே உள்ள எர்த் பின் சுமார் 7 மில்லிமீட்டர், மற்ற இரண்டையும்விட நீளமும் அதிகம். நீளமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எர்த் முதலில் சேர வேண்டும், கடைசியில் விலக வேண்டும். பல சாக்கெட்டுகளில் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடியைத் திறந்துவிடுவதும் அந்தப் பின்தான். இது 6 ஆம்பியர் பிளக். இதே உருவத்தில் பெரிதாக ஏசிக்கும் கீசருக்கும் வருவது டைப் எம், 16 ஆம்பியர். கன்சோலுக்கு அது தேவையில்லை.

துபாய், சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்திலிருந்து வருவது டைப் ஜி. பின்கள் உருண்டையாக இல்லாமல் தடித்த சதுரக் கட்டைபோல இருக்கும், பிளக்கே பெரியது, உள்ளே ஒரு சின்ன ஃப்யூஸும் உண்டு. நம் சாதாரண சாக்கெட்டில் நுழையவே நுழையாது. அமெரிக்கா, ஜப்பானிலிருந்து வருவது டைப் ஏ, இரண்டு தட்டைத் தகடுகள் இணையாக. சீன, ஆஸ்திரேலிய வகையான டைப் ஐ-யில் தட்டைத் தகடுகள் சாய்ந்து நிற்கும்.

எல்லாவற்றையும்விட நம்மை அதிகம் ஏமாற்றுவது டைப் சி. ஐரோப்பிய இரண்டு பின் பிளக் அது. (கடையில் "டைப் சி கேபிள்" என்று கேட்டுவிடாதீர்கள், போன் சார்ஜர் ஒயரைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.) தட்டையான உடம்பு, உருண்டைப் பின், பின்னின் பாதி வரை கருப்பு உறை. நம் சாக்கெட்டில் அழகாக நுழைகிறது, அதுதான் பிரச்சினை. அதன் பின் 4 மில்லிமீட்டர், நம் ஓட்டை 5 மில்லிமீட்டர் பின்னுக்காகச் செய்தது. புது சாக்கெட்டில் ஓரளவு பிடிக்கும். பல வருடம் பயன்படுத்தித் தளர்ந்த சாக்கெட்டில் பிளக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். ஏற்காட்டுப் பழைய பங்களா வீடுகளிலும் லாட்ஜ்களிலும் இதை நிறையப் பார்க்கலாம். தொட்டும் தொடாமலும் நிற்கும் தொடர்பு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். ஒயர் புத்தம்புதிதாக இருந்தாலும் சாக்கெட்டுக்குள் அதே நான்கு வாட் பிறக்கும்.

மூடி உள்ள சாக்கெட்டில் இரண்டு பின் நுழையாதபோது எர்த் ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டுத் திறந்து செருகும் பழக்கம் நம் ஊரில் பல வீடுகளில் உண்டு. குழந்தைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் பக்கத்து ஓட்டையில் எதையாவது விடுவார்கள். கன்சோல் என்றாலே பிள்ளைகளின் பொருள், இதற்காகவாவது மூன்று பின் உள்ள ஒயராக வாங்கிவிடுங்கள்.

ஆக, நம் சுவருக்கு உரியது டைப் டி. எட்டு வடிவ முனையும் டைப் டி பிளக்கும் சேர்ந்து வார்த்த ஒயர் கிடைக்கிறது. அதில் எர்த் பின் எதனோடும் இணைந்திருக்காது, மூடியைத் திறப்பதும் பிளக்கை இறுக்கமாக நிறுத்துவதும்தான் அதன் வேலை.

## அம்மாப்பேட்டையில் ஒரு வீடு

தறி ஓடும் வீடு. பையனுடைய மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பிஎஸ்5. டைப் ஜி பிளக், அதற்கு ஒரு டிராவல் அடாப்டர், அது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அதே பாக்ஸில் அயர்ன் பாக்ஸும். கன்சோலுக்கு ஒரு சாண் தள்ளி ஒயரில் எலி கடித்திருந்தது, மேலே கருப்பு டேப்.

"மாமா கொண்டாந்ததுண்ணா, ஒரிஜினல் ஒயரு. வெட்டி ஒட்டிக் குடுத்துடுங்க" என்றான்.

"ஒயருதாண்டா மாமாவோடது, உசுரு உன்னோடதுல்ல" என்று அவன் அம்மாவே சொல்லிவிட்டார்.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகியிருந்த சுவர் சுவிட்சை அணைத்தோம். அதோடு நிற்கவில்லை, அந்த அறையின் எம்சிபியையும் இறக்கினோம். சில பழைய வீடுகளில் சுவிட்சைப் பேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஒயரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். செம்பு வெளியே தெரியும் ஒயர் என்றால் எம்சிபியை இறக்காமல் கை வைக்கக் கூடாது. அதன்பின் பிளக்கை உடம்பைப் பிடித்து உருவினோம், கடைசியாகக் கன்சோல் முனையை. ஒயரைப் பிடித்து இழுப்பதுதான் கழுத்தில் இழைகளை அறுக்கிறது.

அடுத்து டார்ச் அடித்துக் கன்சோலின் துளைக்குள் பார்த்தோம். இரண்டு பின்னும் பளபளப்பாக நேராக இருந்தன, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் சுத்தம். பழுப்போ உருகலோ இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு சர்வீசுக்கு அனுப்ப வேண்டும். புது ஒயரை அதில் செருகினால் அதுவும் கருகும். கன்சோலைக் கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். மின்சாரம் எடுத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைத்திருக்கும் கெபாசிட்டர் உதைக்கும்.

பிறகு லேபிள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. இந்த வரியைப் படிக்காமல் எந்த வெளிநாட்டுக் கன்சோலுக்கும் ஒயர் வாங்காதீர்கள். அமெரிக்க எக்ஸ்பாக்ஸ் 360-இன் அடாப்டர் போன்ற சில பழையவை 127 வோல்ட் வரைதான் தாங்கும். நம் பிளக் போட்ட ஒயரைக் கொடுத்தால் பிளக் பொருந்தும், பெட்டி போய்விடும். அமெரிக்க ஒயரிலேயே 125 வோல்ட் என்று பொறித்திருக்கும், அதை இங்கே அடாப்டர் போட்டு ஓட்டுவதும் தவறு.

புது ஒயரைக் கையில் வாங்கியதும் மூன்று இடத்தில் படித்தோம். எட்டு வடிவ முனையில் 2.5 ஆம்பியர், 250 வோல்ட். ஒயரின் நெடுக 0.75 சதுர மில்லிமீட்டர், இரண்டு கோர். பிளக்கில் ஐஎஸ்ஐ முத்திரை. ஒன்றுமே பொறிக்காத வழவழ ஒயர் பாதி விலைக்குக் கிடைக்கும், வேண்டாம். சந்தேகம் இருந்தால் பிளக் பின்னில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளைப் பின்னில் காந்தம் ஒட்டாது. பட்டென்று ஒட்டிக்கொண்டால் முலாம் பூசிய இரும்பு.

மாட்டும்போது எடுத்ததற்குத் தலைகீழ் வரிசை. முதலில் கன்சோல் முனை, உள்ளே முட்டி நிற்கும்வரை. இடைவெளி தெரியக் கூடாது. பிறகு சுவர் பிளக், கடைசியாக எம்சிபியும் சுவிட்சும். எக்ஸ்டென்ஷனை விட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் கொடுத்தோம்.

அரைமணி நேரம் ஆடவிட்டு, புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பைத் தாண்டிய சூடு. 0.9 ஆம்பியருக்குப் பிளக் அப்படிச் சுடக் கூடாது. ஒயர் புதிது, பின் பித்தளை, ஆக மீதி இருப்பது சாக்கெட். மறுபடி எம்சிபியை இறக்கிக் கழற்றியதில் பேஸ் ஒயரின் ஸ்க்ரூ முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தது, கவ்வும் தகடும் அகன்றிருந்தது. சாக்கெட்டையே மாற்றினோம். சாக்கெட் மாற்றும் வேலை மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு உரியது. மற்றதெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

## பிளக்கை மட்டும் வெட்டி மாற்றலாமா?

ஒயர் நன்றாக இருந்து பிளக் மட்டும் உடைந்தால், அல்லது டைப் ஜி-யை வெட்டி டைப் டி போட வேண்டுமென்றால், கடையில் த்ரீ பின் டாப் வாங்கி மாட்டலாம். சி13 போன்ற உருண்டைத் தடித்த ஒயருக்கு அது சரிவரும். பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். நம் பழைய வயரிங்கில் கருப்பு நியூட்ரல், அமெரிக்க ஒயரில் கருப்புதான் பேஸ். நிறத்தை நம்பி இறங்கும் முன் ஒயர் எந்த ஊர் என்று பார்த்துவிட வேண்டும்.

எட்டு வடிவ ஒயருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அது தட்டையாக, மெல்லியதாக இருக்கும். டாப்புக்குள் ஒயரின் மேல் உறையைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புக்கு அது அகப்படாது. யாராவது கால் தடுக்கி இழுத்தால் இழுவை முழுக்க ஸ்க்ரூவுக்குள் இருக்கும் செப்பு இழைகள்மேல் விழும். முழு ஒயரே சில நூறு ரூபாய்க்குள் முடியும்போது அந்த வேலை தேவையில்லை.

கழற்றிய பழைய ஒயரைப் பரணில் போட்டுவைக்காதீர்கள். இன்னொரு நாள் யாராவது டேப் ரெக்கார்டருக்கென்று எடுத்துச் செருகுவார்கள். சுவரிலிருந்து எடுத்தாயிற்று என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கட்டிங் பிளேயரால் பிளக்குக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டு, செம்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.